ஆறு சனிக்கிழமைகள், ஒரு உறுதிச் செய்தி

வேலை மாற நினைப்பவர் கெரியர் கோச் ஒருவரிடம் முதன்முறை பேசும்போது எல்லாம் நன்றாகவே போகும். "ஆறு செஷன், பதினைந்தாயிரம், தேதியை அப்புறம் பேசிக்கலாம்" என்று முடித்துக்கொள்வார்கள். மூன்றாவது செஷன் தள்ளிப்போகும் நாளில்தான் மனஸ்தாபம் தொடங்கும். 1995இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் நெறிமுறைகள், கட்டணம், ரகசியக் காப்பு உள்ளிட்ட நிபந்தனைகளை முதல் சந்திப்புக்கு முன்போ, அந்தச் சந்திப்பிலோ விளக்கிவிட வேண்டும் என்கின்றன. அதைச் செய்ய ஒரு பக்க மின்னஞ்சல் போதும். ஆனால் அதைச் சரியாக எழுதுவதில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

ஓர் உதாரணம். கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கும் பெண், பட்ஜெட், நிதித் திட்டமிடல் பக்கம் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு தேதி போட்டால், கடைசி செஷன் மார்ச் 21இல் வந்து விழும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் கணக்குப் பிரிவு ஆள் எங்கே வருவார்? விவரம் தெரிந்த கோச் முதலில் கேட்பது, எந்த வாரங்களில் தலை நிமிர முடியாது என்பதைத்தான். அதன்பின் போகும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். நாம் பேசியபடி ஆறு செஷன்கள், ஒவ்வொன்றும் 60 நிமிடம். 2026 ஜனவரி 10, 24, பிப்ரவரி 7, 28, மார்ச் 14, ஏப்ரல் 18. எல்லாமே சனிக்கிழமை, காலை 10.30. தேதி மாற்ற வேண்டுமானால் அந்த வார வியாழன் காலை 10.30க்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் அந்த செஷன் முடிந்ததாகக் கணக்காகும். உடல்நலக் குறைவு போன்ற அவசரத்துக்கு ஒருமுறை மட்டும் விலக்கு உண்டு. நான் ரத்து செய்தால் ஏழு நாளுக்குள் மாற்றுத் தேதி தருவேன்."

'48 மணி நேரத்துக்கு முன்' என்று எழுதாமல் 'வியாழன் காலை 10.30' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மணிக்கணக்காக எழுதினால், வியாழன் மாலை தகவல் சொல்பவர் "ரெண்டு நாள் முன்னாடியே சொன்னேனே" என்பார். அவர் எண்ணுவது நாள், கோச் எண்ணுவது மணி. கிழமையைப் போட்டுவிட்டால் இருவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

பலரும் எழுதத் தயங்குவது, பாதியில் நின்றால் பணம் என்ன ஆகும் என்பதை. தனி செஷனுக்கு 3,000 ரூபாய், ஆறும் சேர்த்து 15,000 என்று வைப்போம். இரண்டோடு நிறுத்துகிறார். தொகுப்பு விலைப்படி ஒரு செஷன் 2,500. அப்படிக் கழித்தால் 10,000 திரும்ப வர வேண்டும். தனி விலையில் கழித்தால் 9,000தான். என் பார்வையில் இரண்டுமே நியாயம்தான். எது என்று முன்கூட்டியே எழுதாததுதான் நியாயமில்லை.

இனி இடைப்பட்ட நாட்களுக்கான வேலை. 'ரெஸ்யூமேயைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்' என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எங்கே தொடங்குவது, எவ்வளவு செய்தால் போதும் என்று அதில் இல்லை. அளவோடு எழுத வேண்டும். முதல் செஷனுக்கும் இரண்டாவதற்கும் நடுவில், தான் தீர்த்துவைத்த எட்டுப் பிரச்சினைகளை அவர் எழுதுகிறார். ஒவ்வொன்றும் நான்கு வரி. என்ன சிக்கல், தான் என்ன செய்தார், அதனால் எந்த எண் மாறியது. 'கணக்கு பார்த்தேன்' என்ற பதினோரு வருடம், 'மாதக் கணக்கு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆனதை ஏழாகக் குறைத்தேன்' என்ற வடிவத்துக்கு வருவது இங்கேதான். அடுத்த இடைவெளியில் மூன்று வேலை விளம்பரங்கள்: அவை கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் அந்த எட்டில் சான்று இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். சான்று இல்லாத வரிகள்தான் மூன்றாவது செஷனின் பேச்சு.

பிப்ரவரி 7க்கும் 28க்கும் இடையே மூன்று வாரம் விட்டதற்கும் காரணம் உண்டு. அப்போது, நிதித் திட்டமிடலில் ஏற்கெனவே இருக்கும் இருவரிடம் அவர் இருபது நிமிடம் பேசிவர வேண்டும். முன்பின் தெரியாதவர் நேரம் ஒதுக்கித் தர இரண்டு வாரம் போதாமல் போகலாம்.

எழுதியதை வியாழன் இரவுக்குள் அனுப்பினால் கோச் முன்பே படித்துவைப்பார். இல்லையென்றால் 60 நிமிடத்தில் பாதி, படிப்பதிலேயே கரையும். வேலை முடியவில்லை என்பதற்காக செஷனை ரத்து செய்ய வேண்டாம் என்ற வரியையும் சேர்ப்பது நல்லது. கடைசி நேர ரத்துகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது காய்ச்சல் அல்ல, வெட்கம். வேலை வாங்கித் தருவது கோச்சின் பொறுப்பல்ல என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பதிலாக "ஓகே" என்று மட்டும் வந்தால் கோச் விட்டுவிடக் கூடாது. "பிப்ரவரி 28 எனக்குக் கல்யாண வீடு இருக்குங்க, ஞாயிறு வெச்சுக்கலாமா?" என்று பதில் வந்தால், அவர் தேதிகளைப் படித்திருக்கிறார். மார்ச் 1 என்று திருத்தி, முழுப் பட்டியலையும் மறுபடி அனுப்பிய பிறகு பணம் வாங்கலாம்.