682ஆ, 683ஆ?

நாலைந்து பேராக ஓட்டலில் சாப்பிட்டால், காசு கொடுத்தவர் பில்லைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மேல்பாதி நிழலில் இருக்கும். கண்ணுக்குத் தெரிவது அடியிலுள்ள மொத்தத் தொகை மட்டும். வரிக்கு முந்தைய விலையை அதிலிருந்தே எடுக்க முடியும்.

சாதாரண ஓட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி. மொத்தத்தில் 5 சதவீதத்தைக் கழித்துவிட்டால் போதும் என்று பலரும் நினைப்பார்கள். 1,050 ரூபாய் பில்லில் அப்படிக் கழித்தால் 997 ரூபாய் 50 காசு வரும். உண்மையான விலையோ 1,000. கடைக்காரர் வரி போட்டது ஆயிரத்துக்கு. கழித்தவர் கணக்கிட்டது வரியும் சேர்ந்த 1,050-க்கு. எனவே கழிக்கக் கூடாது, 1.05-ஆல் வகுக்க வேண்டும். வரி மட்டும் வேண்டுமென்றால் மொத்தத்தை 21-ஆல் வகுத்தால் போதும்.

கடைசி இலக்கம் மங்கலாகி, 682ஆ 683ஆ என்று சந்தேகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 682-ஐ 1.05-ஆல் வகுத்தால் 649.52. பண்டங்களின் விலை முழு ரூபாய்தான் என்றால், 649 அல்லது 650 இருக்க வேண்டும். 649-க்கு வரி சேர்த்தால் 681.45, ரவுண்ட் ஆஃப் செய்தால் 681. 650-க்குச் சேர்த்தால் 682.50, ஐம்பது காசை மேலே ஏற்றினால் 683. ஆக, 682 என்ற தொகை வரவே வழியில்லை. பில் 683, சாப்பாட்டு விலை 650. சிஜிஎஸ்டி வரி மட்டும் படத்தில் தெரிந்தால் அங்கே 16.25 என்று இருக்கும், அதுவே சரிபார்ப்பு.

வரி விகிதமே தெரியாதபோது கணக்கு ஏமாற்றும். ஏசி ஒன்றின் பில் 37,760 ரூபாய். 1.18-ஆல் வகுத்தால் 32,000, 1.28-ஆல் வகுத்தால் 29,500. இரண்டுமே சில்லறை இல்லாத விலை, இரண்டுமே நம்பும்படி இருக்கின்றன. இங்கே பில்லின் தேதியைப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசி மீதான வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய பில் என்றால் 29,500. பிந்தையது என்றால் 32,000.

சூப்பர் மார்க்கெட் பில்லில் இந்த வழி செல்லாது. வரியே இல்லாத பால், 5 சதவீதப் பொருள், 18 சதவீதப் பொருள் எல்லாம் ஒரே மொத்தத்தில் கலந்திருக்கும். அங்கே பில்லின் அடியில் விகித வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கும் வரிப் பட்டியலும் சேர்ந்து படத்தில் விழுந்திருக்க வேண்டும்.