தங்கத்தைவிட அபூர்வம், ஆனாலும் விலை குறைவு! பிளாட்டினம், பல்லேடியம் ஆடும் ஊசல்

உலகச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுதோறும் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் கிடைக்கிறது. பிளாட்டினமோ 200 டன் கூடத் தேறாது. அபூர்வமான சரக்குக்குத்தானே விலை அதிகமாக இருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2008-ம் ஆண்டு தொடக்கத்தில் தென் ஆப்பிரிக்காவில் மின்சாரத் தட்டுப்பாடு, சுரங்கங்கள் முடங்கின. பிளாட்டினம் அவுன்சு 2,000 டாலரைத் தாண்டியது. தங்கம் அப்போது சுமார் 1,000 டாலர். (இந்த அவுன்சு 31.1 கிராம், கிட்டத்தட்ட நாலு பவுன்.) அந்த ஆண்டு முடிவதற்குள் பிளாட்டினம் 1,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2015-ல் தங்கம் அதை முந்திக்கொண்டு போய்விட்டது.

காரணம் என்ன? வாங்குகிறவர் யார் என்று பாருங்கள், விளங்கிவிடும்.

காருக்குள் போகும் உலோகம்

தங்கத்தை வாங்குகிறவர்கள் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள். பாட்டியின் காசுமாலை உருகிப் பேத்தியின் வளையல் ஆகிறது. இதுவரை தோண்டிய தங்கத்தில் பெரும்பகுதி, சுமார் 2 லட்சம் டன், நகையாகவோ அரசாங்க பாங்குகளில் கட்டியாகவோ இன்னும் இருக்கிறது. ஆகவே ஒரு சுரங்கம் மூடினால் தங்க விலை அசையாது. யுத்தம் வருமோ, பணத்தின் மதிப்பு போய்விடுமோ என்ற பயம் வந்தால்தான் ஏறும்.

பிளாட்டினத்துக்கும் பல்லேடியத்துக்கும் பெரிய வாடிக்கை மோட்டார் கார்த் தொழிற்சாலைகள். காரின் புகைக் குழாயில் ஒரு சிறு பெட்டி உண்டு. அதற்குள் பூசிய இந்த உலோகங்கள், விஷ வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுகின்றன. ஒரு காருக்குச் சில கிராம் போதும். டீசல் வண்டிக்கு முக்கியமாகப் பிளாட்டினம். பெட்ரோல் வண்டிக்குப் பல்லேடியம். பிளாட்டினத்தில் பெரும்பங்கு தென் ஆப்பிரிக்காவிலிருந்தும், பல்லேடியம் பெரும்பாலும் ரஷ்யா, தென் ஆப்பிரிக்கா இரண்டிலிருந்தும் வருகின்றன. அங்கே ஒரு தும்மல் வந்தால் மார்க்கெட்டுக்கே ஜலதோஷம்!

போர்டு கம்பெனி பட்ட பாடு

ரஷ்யாவிலிருந்து சரக்கு வருவது தாமதப்பட்டது. 2001 ஜனவரியில் பல்லேடியம் 1,000 டாலரைத் தாண்டியது. தட்டுப்பாடு வரும் என்று பயந்து, அமெரிக்காவின் போர்டு கார்க் கம்பெனி உயர்ந்த விலைக்கு வாங்கிக் குவித்தது. அதே கம்பெனியின் எஞ்சினீயர்கள், குறைந்த பல்லேடியத்தில் வேலையை முடிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள்! கிராக்கி குறைந்தது. விலை சரிந்தது. 2002 ஜனவரியில் போர்டு அறிவித்த நஷ்டக் கணக்கு 100 கோடி டாலர். 2003-ல் பல்லேடியம் 200 டாலருக்கும் கீழே கிடைத்தது.

இதே நாடகம் பிறகும் நடந்தது. 2019-ல் பல்லேடியம் தங்கத்தை முந்தியது. உக்ரேன் யுத்தம் மூண்டதும், 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் 1,000 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. உச்சியில் வாங்கியவர் கதி என்ன ஆகியிருக்கும்?

நகையாகச் செய்தால்?

10 கிராம் எடையுள்ள 22 காரட் தங்க மோதிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே அச்சில் பிளாட்டினத்தில் செய்தால் எடை ஏறக்குறைய 11½ கிராம் வரும். பல்லேடியத்தில் செய்தால் 7 கிராம் கூட வராது. கிராம் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்டக்கூடாது. முழு மோதிரத்தின் விலையைக் கேட்க வேண்டும்.

கூலியும் வேறு. தங்கம் 1,064 டிகிரியில் உருகும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். நம் ஊர் ஆசாரியின் சாதாரண உலையில் அது உருகாது. தனிக் கருவியும் தேர்ந்த கையும் தேவை. அதனால் செய்கூலி கூடுகிறது. பழைய நகையை விற்கப் போனாலும் இதே தொல்லைதான். தங்கத்துக்குத் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. பிளாட்டினத்தைப் பல கடைக்காரர்கள் வாங்குவதில்லை; வாங்கினாலும் கழிவு அதிகம்.

அழகில் குறை சொல்ல முடியாது. கறுக்காது. வைரத்தை இறுக்கமாகப் பிடிக்கும். கீறல் விழுந்தாலும் உலோகம் அதிகம் தேய்ந்து போவதில்லை. ஆனால் "வெள்ளைத் தங்கம்" வேறு, இது வேறு. வெள்ளைத் தங்கம் என்பது வேறு உலோகம் கலந்து வெளுக்கச் செய்த தங்கம். மேலே பூசிய ரோடியம் தேய்ந்தால் மஞ்சள் எட்டிப்பார்க்கும். 18 காரட்டானால் முத்திரை 750. பிளாட்டினமானால் 950 என்றும், பக்கத்தில் Pt என்றும் இருக்கும்.

ஆசைக்கு ஒரு மோதிரமென்றால் பிளாட்டினம் வாங்கலாம். ஆபத்துக்கு அடகு வைக்கவோ, பெண் கல்யாணத்துக்குச் சேர்க்கவோ என்றால் தங்கம்தான் தோது. பல்லேடியம், கார் மார்க்கெட்டைத் தினமும் கவனிக்கிற வியாபாரியின் சரக்கு. எதை வாங்கினாலும், திரும்ப எடுப்பீர்களா, எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.