தலையும் தோளும் ஏமாற்றிய ஜூலை

2009 ஜூலை முதல் வாரத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கவனித்தவர்கள் பலரும் ஒரே படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்நாட்டின் 500 பெரிய நிறுவனங்களின் விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் சார்ட்டில் ஒரு தலையும் இரு பக்கமும் தோள்களும் அச்சாகத் தெரிந்தன. பாடப் புத்தகத்துக்கு வரைந்து கொடுத்ததுபோல் இருந்தது. அது சொன்ன திசையில்தான் சந்தை போகவில்லை.

‘ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்’ என்று சொல்லப்படும் இந்த உருவத்துக்கு முதல் தேவை, அதற்கு முன்னால் ஒரு நல்ல ஏற்றம். ஏறாத சந்தையில் இறங்க ஒன்றுமில்லை. அன்று அந்த ஏற்றம் இருந்தது. மார்ச் 9-ஆம் தேதி 676-இல் முடிந்த குறியீடு, மூன்றே மாதத்தில் நாற்பது சதவீதம் ஏறியிருந்தது. மே தொடக்கத்தில் 930 வரை போய், 879-க்குத் திரும்பியது. அது இடது தோள். ஜூன் 11-இல் 956-ஐத் தொட்டு, ஜூன் 23-இல் 889 வரை இறங்கியது. அது தலை. பிறகு ஜூலை 1-இல் 932 வரை ஏறி, தலையின் உயரத்தை எட்ட முடியாமல் மீண்டும் சரிந்தது. அது வலது தோள். வாங்குபவர்களின் வேகம் குறைகிறது என்பதுதான் இந்த உருவம் சொல்லும் கதை: முந்தைய உச்சியைத் தாண்டிக்கொண்டே வந்த விலை, முதல் முறையாக அதைத் தாண்டத் திணறுகிறது.

இரண்டு பள்ளங்களின் அடியையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அதுதான் நெக்லைன், அதாவது கழுத்துக்கோடு. இந்தக் கோடு உடையாதவரை தலையும் இல்லை, தோளும் இல்லை, வெறும் மேடுபள்ளம்தான். புதிதாகச் சார்ட் பார்ப்பவர்கள் வலது தோள் உருவாகும்போதே விற்றுவிட்டுக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் கை சுடும் இடம் அதுதான். உடைந்தது என்று சொல்ல, நாளின் நடுவில் விலை கீழே எட்டிப் பார்த்தால் போதாது. அன்றைய முடிவு விலை கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

2009-இல் முதல் பள்ளம் 879, இரண்டாவது 889 என்பதால் கோடு லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. இப்படிச் சாய்ந்த கோட்டில்தான் இலக்கை அளக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். உயரத்தைத் தலைக்கு நேர் கீழே அளக்க வேண்டும். ஜூன் 11 அன்று கோடு ஏறத்தாழ 885-இல் இருந்தது. 956-இல் அதைக் கழித்தால் 71 புள்ளிகள். அந்த 71-ஐ உடைந்த நாளில் கோடு இருக்கும் இடத்திலிருந்து கழிக்க வேண்டும். ஜூலை 7 அன்று கோடு 893-க்கு வந்திருந்தது. குறியீடு 881-இல் முடிந்தது. உடைந்தாயிற்று. 893-இல் 71 போக, இலக்கு 822.

ஏன் தலையின் உயரத்தை அப்படியே கீழே இறக்க வேண்டும்? இதற்குப் பின்னால் இயற்பியல் விதி எதுவும் இல்லை. கோட்டுக்கு மேலே சந்தை எவ்வளவு ஆடியதோ அவ்வளவு கீழேயும் ஆடலாம் என்ற அனுபவக் கணக்கு அது. இறங்கினால் எவ்வளவு கிடைக்கலாம், அதற்கு எவ்வளவு பணயம் வைக்கலாம் என்று ஒப்பிட ஓர் எண் வேண்டும். அதற்கு இது உதவும். விலை அங்கே போய்த்தான் நிற்கும் என்று நினைப்பது தவறு.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 881-இல் ஷார்ட் போனவருக்கு, 822 வந்தால் 59 புள்ளி லாபம். எங்கே வெளியேறுவது? இரண்டு இடங்கள் உண்டு. விலை மீண்டும் கழுத்துக்கோட்டுக்கு மேலே முடிந்தால் உடைப்பு பொய்யென்ற சந்தேகம் வலுக்கிறது. வலது தோளின் உச்சியைத் தாண்டி முடிந்தால் உருவமே செத்துவிட்டது. திணறிய இடத்தைச் சந்தை தாண்டிவிட்டது, கதைக்கு ஆதாரம் போய்விட்டது. தலையின் உச்சி உடையும்வரை காத்திருக்க வேண்டும் என்பாரும் உண்டு. அது பிடிவாதம் என்பேன்.

ஜூலை 8-இலும் 10-இலும் குறியீடு 879-ஐ ஒட்டி முடிந்தது. இலக்கை நோக்கி அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கழுத்துக்கோட்டை உடைத்தபின் விலை வேகமாக இறங்க வேண்டும். அங்கேயே தங்கினால் விற்க ஆள் இல்லை என்று பொருள். (உடைத்த விலை கோட்டை ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி இறங்குவது சகஜம். தொடுவது வேறு, தாண்டி முடிவது வேறு.) ஜூலை 13 அன்று குறியீடு 901-இல் முடிந்தது. கோடு அப்போது 894. முதல் எச்சரிக்கை அதுதான். அங்கே வெளியேறியவருக்கு இழப்பு 20 புள்ளி. 59-ஐ எதிர்பார்த்து 20-ஐ இழப்பது வியாபாரத்தில் தாங்கக்கூடியது.

மறுநாள் மாலை இன்டெல் நிறுவனத்தின் காலாண்டு முடிவு எதிர்பார்ப்பைவிட நன்றாக வந்தது. ஜூலை 15 அன்று குறியீடு 932.68-இல் முடிந்து, வலது தோளின் உச்சியைத் தாண்டிவிட்டது. அதுவரை ஷார்ட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு இழப்பு 51 புள்ளிக்கு மேல். கிடைக்கக்கூடிய லாபத்துக்கு ஏறத்தாழ சமம். ஜூலை 23-இல் 976. ஆகஸ்ட் 3-இல் 1,002. இந்த வேகத்துக்கு ஒரு காரணம், மாட்டிக்கொண்டவர்களே. ஷார்ட் போனவர் வெளியேற வேண்டுமானால் வாங்கித்தான் ஆக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த உருவம் பொய்த்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்குகிறார்கள். ஆகவே தோற்றுப்போன ஹெட் அண்ட் ஷோல்டர்ஸை, ஏற்றத்துக்கான அறிகுறியாகவே சில அனுபவசாலிகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

டபுள் டாப் இதைவிட எளிய உருவம். ஏறத்தாழ ஒரே உயரத்தில் இரண்டு உச்சி, நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தின் அடிதான் இங்கே கழுத்துக்கோடு. அங்கிருந்து உச்சிவரை உள்ள உயரத்தைக் கீழே கழித்தால் இலக்கு. அந்த அடிக்குக் கீழே விலை முடியாதவரை இதுவும் உருவம் ஆகாது. விலை மறுபடி பள்ளத்தின் அடிக்கு மேலே ஏறினால் சந்தேகம், உச்சியைத் தாண்டினால் செல்லாது.

இதே குறியீட்டில் அப்போது இன்னொரு பெரிய டபுள் டாப்பைப் பற்றியும் பேச்சு இருந்தது. 2000 மார்ச்சில் 1,527, 2007 அக்டோபரில் 1,565; நடுவில் 2002 அக்டோபரில் 777. எல்லாம் முடிவு விலைகள். உச்சிகளுக்கிடையே வித்தியாசம் மூன்று சதவீதத்துக்கும் குறைவு என்பதால், உருவத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இலக்கைப் போட்டுப் பாருங்கள். உயரம் 788. அதை 777-இல் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே 11! அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு ஆழமான உருவத்தைப் புள்ளியில் அளக்கக் கூடாது, சதவீதத்தில் அளக்க வேண்டும். 1,565-இலிருந்து 777 என்பது ஏறத்தாழ 50 சதவீத வீழ்ச்சி. 777-இலிருந்து இன்னொரு 50 சதவீதம் என்றால் 385 வரும்.

அதுவும் வரவில்லை. 2008 நவம்பர் 20 அன்று குறியீடு 752-இல் முடிந்து பள்ளத்தை உடைத்தது. மறுநாளே 800-க்குத் திரும்பியது. ஒரே ஒரு முடிவு விலையை நம்பியவர்கள் அன்று ஏமாந்தார்கள். 2009 பிப்ரவரியில் மறுபடி உடைந்து, மார்ச் 9-இல் 676 வரை போனது. அதே மாதக் கடைசி வாரங்களில் 777-க்கு மேலே வந்துவிட்டது. கழுத்துக்கோடு உடைந்தபோது உச்சியிலிருந்து பாதி மதிப்பு ஏற்கெனவே போயிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சில வாரம், சில மாத அகலமுள்ள உருவங்களில்தான் இந்த அளவுகோல் பயன்படும். ஏழு ஆண்டு அகலத்தில் அது விற்கச் சொல்லும்போது விற்க நேரம் கடந்துவிடுகிறது.

உச்சி உடைந்தால்தான் உருவம் சாகும் என்று நம்பியவர்கள் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2013 மார்ச் 28 அன்று குறியீடு 1,569-இல் முடிந்து 2007-இன் உச்சியைத் தாண்டியது. அதற்குள் அது 676-இலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.