முதுகு வலியா? மேசையை அளந்து பாருங்கள்

டேட்டா என்ட்ரி பிரிவில் நாலு பேர் முதுகு வலி, கண் எரிச்சல் என்று எழுதிக் கொடுத்தால், பல நிர்வாகங்கள் முதலில் புது நாற்காலிதான் வாங்குகின்றன. சில மாதங்களில் அதே புகார் மறுபடி வரும். ஆய்வுக்குப் போகிறவர், ஆட்களிடம் பேசுமுன் பழைய நாற்காலிகளை ஒரு சுற்று பார்த்துவிடுவது நல்லது. இருக்கையின் முன்விளிம்பில் நுரை அமுங்கித் தட்டையாகக் கிடக்கும். சாய்மானத் துணியோ வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். அப்படியென்றால் அதில் யாரும் சாய்ந்து உட்காரவில்லை.

ஏன் சாய்வதில்லை என்பதற்கு ஒரு டேப் போதும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் ஊழியரை எடுத்துக்கொள்வோம். பாதம் தரையில் பதிய உட்கார அவருக்கு இருக்கை ஏறக்குறைய 40 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது அவர் முழங்கை தரையிலிருந்து சுமார் 62 செ.மீ. உயரத்தில் நிற்கும். நம் அலுவலக மேசைகளின் வழக்கமான உயரம் 75 செ.மீ. அதன் மேல் கீபோர்டு வேறு. தோளைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்க அடிக்க முடியாது என்பதால் நாற்காலியை ஏற்றுகிறார். கை சரியாகிறது, கால் தொங்குகிறது. தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி மரத்துப்போக, தரையை எட்ட முன்னால் நகர்ந்து உட்காருகிறார். முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் வெற்றிடம். இனி அந்த நாற்காலி எத்தனை ஆயிரம் ரூபாயாக இருந்தால் என்ன?

மேசையை இறக்க முடியாவிட்டால் நாற்காலியை 13 செ.மீ. அளவுக்கு ஏற்றி, அதே உயரத்துக்கு ஒரு கால்மணை போட வேண்டும். இரண்டு பாதமும் முழுதாகப் பதியும் அகலம் அதற்கு வேண்டும். ஏ4 பேப்பர் கட்டுகளை அடுக்கிக் கால் வைத்திருக்கும் ஊழியர்களைப் பார்த்திருக்கலாம். நோயை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். கீபோர்டுக்கு இழுப்புத் தட்டு இருந்தால் ஏழெட்டு செ.மீ. இறங்கும். ஆனால் பல தட்டுகளில் மவுஸுக்கு இடம் இருக்காது. அது மேசை மேலேயே தங்கிவிட, வலது தோள் வலி புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத காகிதம். டேட்டா என்ட்ரி செய்பவரின் கண் அதிக நேரம் இருப்பது திரையில் அன்று, படிவத்தில். அது கீபோர்டுக்கு இடப்பக்கம் மேசையில் படுத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் கழுத்து குனிந்து திரும்புகிறது. கண்ணும் இரண்டு தூரங்களுக்கு மாறி மாறிக் குவிய வேண்டியிருக்கிறது. படிவத்தைச் சாய்வாக நிறுத்தும் ஒரு தாங்கியைத் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும். ஆய்வில் நான் முதலில் கேட்பது இதைத்தான். விலையும் சொற்பம்.

கண்ணைப் பொறுத்தவரை, திரையை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் ஜன்னலோ ட்யூப்லைட்டோ தெரிந்தால், ஊழியர் அந்த ஒளியோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறார். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்ப வேண்டும். திரை ஒரு கை நீளத்தில், அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. ஏசி காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் இன்னும் வேகமாகக் காயும். காற்றின் திசையை மாற்றினாலே சிலருக்கு எரிச்சல் அடங்கும்.

மேசை சம்பந்தப்படாத காரணங்களும் உண்டு. நாற்பதைத் தாண்டியவருக்கு வாசிப்புக் கண்ணாடி தேவைப்படலாம். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் பலவீனமானாலோ மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கால்மணையால் தீராது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ஒரே நிலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். அமெரிக்க அரசின் தொழில் உடல்நல ஆய்வு நிறுவனம் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடமே இதைச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான இடைவேளை இல்லாத மணி நேரங்களில் கூடுதலாக ஐந்து நிமிட ஓய்வு கொடுத்தார்கள். ஒரு நாளில் மொத்தம் 20 நிமிடம். உடல் வலியும் கண் சோர்வும் குறைந்தன. வேலை நேரம் குறைந்தும் உற்பத்தி குறையவில்லை. இதைச் சொன்னால் மேலாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் மணிக்கு இத்தனை படிவம் என்ற டார்கெட்டை 60 நிமிடத்துக்கே கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கை 55 நிமிடத்துக்கு மாற்றாத வரை எந்த ஊழியரும் எழுந்திருக்கப் போவதில்லை.