‘எஸ்’ எங்கே ஒட்டும்?

‘ஹிஸ் சன்-இன்-லாஸ் ஆர் டாக்டர்ஸ்.’ போட்டித் தேர்வின் ஆங்கிலத் தாளில் இப்படி ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிழையைக் கேட்டால், நம் பிள்ளைகளில் பலர் பிழையே இல்லை என்று குறித்துவிடுகிறார்கள். அதில் வியப்பில்லை. தமிழில் ‘கள்’ எப்போதும் சொல்லின் கடைசியில்தான் சேரும்: மருமகன், மருமகன்கள். ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் எது எண்ணிக்கையில் கூடுகிறதோ அதன்மேல்தான் எஸ் ஒட்டும். சன்-இன்-லா என்பதன் சொற்பொருள் ‘சட்டப்படி மகன்’. இங்கே கூடுவது மகன்கள், சட்டம் அல்ல. ஆகவே சன்ஸ்-இன்-லா. வழிப்போக்கர்களும் இப்படித்தான் பாஸர்ஸ்-பை ஆகிறார்கள். குரோன்-அப் போன்ற சொல்லில் பெயர்ச்சொல்லே கிடையாது. அதனால் அங்கே எஸ் கடைசிக்குப் போய்விடுகிறது.

மாணவர்கள் இன்னொரு இடத்திலும் தடுமாறுகிறார்கள். ஒரு மருமகனின் வீடு என்று சொல்லும்போது அது ‘சன்-இன்-லா’ஸ் ஹவுஸ்’. வேற்றுமைக் குறியோடு வரும் எஸ் கடைசியில்தான் நிற்கும். பன்மையா, உடைமையா என்று முதலில் பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

கிரைட்டீரியாவில் சிக்கல் வேறு மாதிரி. அது ஏற்கெனவே பன்மை, ஒருமை கிரைட்டீரியன். கிரேக்கத்திலிருந்து வந்ததால் ‘ஆன்’ என்ற முடிவு ‘ஆ’ ஆகிறது. ஃபினாமினன், ஃபினாமினா ஆவதுபோல. எஸ் இல்லாததால் நம் காது அதை ஒருமையாக எடுத்துக்கொள்கிறது.

‘தி ஒன்லி கிரைட்டீரியா ஃபார் செலக்‌ஷன் இஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘இஸ்’ஸை ‘ஆர்’ ஆக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் ‘ஒன்லி’ என்றபின் வருவது அனுபவம் என்ற ஒரே அளவுகோல். திருத்த வேண்டியது பெயர்ச்சொல்லை: கிரைட்டீரியன். ‘ஒன் ஆஃப் தி கிரைட்டீரியா இஸ்’ என்று வந்தாலோ அதில் பிழையே இல்லை. பலவற்றில் ஒன்று என்பதால் கிரைட்டீரியா பன்மை, வினை ஒருமை. பழைய பன்மை எல்லாமே இப்படி நிலைத்துவிடவில்லை. அஜெண்டா லத்தீனில் பன்மை. ஆங்கிலத்தில் இன்று ஒருமை, அதன் பன்மை அஜெண்டாஸ்.

பெண்பாலில் எழுத்துக்கூட்டல்தான் பொறி. ஆக்டர் ‘ஆக்டரெஸ்’ ஆவதில்லை. நடு உயிரெழுத்து விழுந்து ஆக்ட்ரஸ் ஆகிறது. வெயிட்டர், டைகர் ஆகியவையும் வெயிட்ரஸ், டைக்ரஸ் என்று அப்படியே மாறும். லயன், ஹோஸ்ட் போன்ற சொற்களில் விழ அப்படி ஓர் உயிரெழுத்து இல்லை. லயனெஸ், ஹோஸ்டெஸ் என்று நேராகச் சேர்ந்துவிடும். கவர்னருக்குப் பெண்பால் கவர்னஸ் என்று எழுதிவிடாதீர்கள். கவர்னஸ் என்றால் வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருபவர். மாநிலத்தை ஆளும் பெண்ணும் கவர்னர்தான்.