தோசைக்கல் வந்த பெட்டி: விற்பவருக்கு எப்படி ஸ்டார் போடுவது?

ஆன்லைனில் வார்ப்பிரும்பு தோசைக்கல் வாங்குகிறவர்கள் எழுதும் ரிவ்யூக்களில் அதிகம் தென்படும் வரிகள் இரண்டு. ஒன்று, “சூப்பர் கல், தோசை ஒட்டவில்லை.” மற்றொன்று, “பத்து நாள் கழித்து வந்தது, வேஸ்ட்.” இரண்டையும் படித்துவிட்டு அந்தக் கடைக்காரரிடம் வாங்கலாமா என்று ஒருவராலும் முடிவெடுக்க முடியாது. முதல் வரி கல்லைச் செய்த பட்டறையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது வரி கூரியரைப் பற்றியதாக இருக்கலாம். நடுவில் இருக்கும் விற்பனையாளர் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார் என்பது இரண்டிலும் இல்லை.

இந்தச் சந்தைத் தளங்களில் தளம் ஒருவருடையது, பொருளை விற்பவர் வேறொருவர். ஒரே தோசைக்கல்லின் பக்கத்தில் நான்கைந்து விற்பனையாளர்கள் இருப்பார்கள். விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ‘விற்பவர்’ பெயரைத் தொட்டால்தான் நம் பணம் யாருக்குப் போகிறது என்பது தெரியும். பொருளுக்குக் கீழே குவிந்து கிடக்கும் ரிவ்யூக்கள் எல்லா விற்பனையாளர்களிடமும் வாங்கியவர்கள் எழுதியவை. 10 அங்குலக் கல் வாங்கியவரும் 12 அங்குலக் கல் வாங்கியவரும்கூட அங்கே ஒன்றாகக் கலந்திருப்பார்கள். விற்பனையாளருக்கான மதிப்பீடு தனி இடத்தில் இருக்கும். அங்கே எழுத வேண்டியவை மூன்று: எப்படிக் கட்டி அனுப்பினார், எப்போது அனுப்பினார், சொன்னதையே அனுப்பினாரா.

சமீபத்தில் என் வீட்டுக்கு வந்த ஒரு கல்லை வைத்தே இதைச் சொல்கிறேன். விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது இது: வார்ப்பிரும்பு தோசைக்கல், 12 அங்குலம், 5 மில்லிமீட்டர் தடிமன், 2.7 கிலோ எடை, இரண்டு பக்கமும் காது, எண்ணெயில் பழக்கியது, ஐந்து முதல் ஏழு நாளில் டெலிவரி. ஆர்டர் போடும்போதே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். விற்பனையாளர்கள் பக்கத்தைப் பிறகு திருத்த முடியும். புகார் என்று வரும்போது அன்றைக்கு என்ன எழுதியிருந்தது என்பதற்கு நம்மிடம்தான் சாட்சி இருக்க வேண்டும்.

பெட்டியை முதலில் பார்ப்போம், ஏனென்றால் வார்ப்பிரும்பின் விதி அங்கேதான் தீர்மானமாகிறது. தகட்டு இரும்பு விழுந்தால் வளையும். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும் அல்லது உடையும். பார்சல் விழும்போது பெரும்பாலும் மூலையிலோ விளிம்பிலோதான் விழும். அந்த அடியை நேராக வாங்குவது கல்லின் காதுகள். எனக்கு வந்தது மூன்றடுக்கு அட்டைப்பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ஒரு சுற்று பபுள் ராப். கல்லின் மேலும் கீழும் பபுள் ராப் இருந்தது. காது இருக்கும் பக்கங்களில் ஒன்றுமில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தில் அட்டை கிழிந்து காது வெளியே எட்டிப் பார்த்தது. டெலிவரி பையனிடமிருந்து வாங்கும்போதே அந்தக் கிழிசலைப் படம் எடுத்து, திறப்பதை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாகப் பதிவு செய்தேன். முகவரிச் சீட்டு முதல் காட்சியிலேயே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அது எந்தப் பார்சல் என்ற கேள்வி வரும்.

நல்ல பெட்டி போட்டால் கூரியர் செலவு ஏறிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. கூரியர் நிறுவனங்கள் பொதுவாக உண்மையான எடை, பெட்டியின் அளவிலிருந்து கணக்கிடும் எடை என்ற இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 40 செ.மீ. நீளம், 34 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு அது 2.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்தக் கல்லோ கட்டிய பிறகு தானே இரண்டரைக் கிலோவை நெருங்கும். அதாவது சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, காகிதக் கூழ் அட்டையோ தெர்மோகோலோ வைத்து அடைத்தாலும் பெட்டியின் அளவால் கூரியர் கட்டணம் ஏறாது. ஏறுவது அட்டைக்கான சில ரூபாய்தான். இங்கே பேக்கிங் மோசமாக இருந்தால் அது விற்பனையாளர் எடுத்த முடிவு. ரிவ்யூவில் அதை அவர் பெயரில் எழுதுவதில் அநியாயம் எதுவும் இல்லை.

காது உடையவில்லை. ஆனால் உடையவில்லை என்பதாலேயே கல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கல்லை ஒரு காதில் விரலை மட்டும் கொடுத்துத் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் ஓரத்தில் தட்ட வேண்டும். நல்ல கல் கணீரென்று நீண்டு ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஓசை சட்டென்று அடங்கி மொத்தென்று கேட்கும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே பழக்கம்தான். சந்தேகம் இருந்தால் மெல்ல எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துப் பார்க்கலாம். விரிசலுக்குள் போன எண்ணெய் கோடாகக் கசியும். என் கல் கணீரென்றது. ஓரத்தில் காசளவு துரு இருந்தது. துரு இருந்தது என்பதை எழுதலாம், அதற்காக ஸ்டாரைக் குறைக்க வேண்டியதில்லை. உப்பும் எண்ணெயும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும்.

அடுத்து நாள் கணக்கு. ஆர்டர் போட்டது திங்கள் இரவு, கல் வந்தது அடுத்த செவ்வாய். எட்டாம் நாள் என்பதால் வாக்குறுதியை ஒரு நாள் தாண்டிவிட்டது. “தாமதம்” என்று எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் ட்ராக்கிங்கைத் திறந்தால் கதை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. செவ்வாயன்றே ‘அனுப்பப்பட்டது’ என்று செய்தி வந்திருந்தது. அது முகவரிச் சீட்டு அச்சான நேரம் மட்டுமே. கூரியர்காரர் பார்சலைக் கையில் வாங்கி முதல் ஸ்கேன் செய்தது சனிக்கிழமை. அதற்குப் பிறகு ஞாயிறு உட்பட மூன்றே நாளில் வீடு வந்துவிட்டது. ஆக, சீட்டு ஒட்டிய பார்சல் நாலு நாள் விற்பனையாளரின் கிடங்கிலேயே கிடந்திருக்கிறது. கூரியரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

இது தலைகீழாகவும் நடக்கும். விற்பனையாளர் மறுநாளே ஒப்படைத்திருப்பார், பார்சல் ஏதோ ஒரு மையத்தில் ஐந்து நாள் தூங்கியிருக்கும். அப்போது விற்பவருக்கு ஒரு ஸ்டார் போடுவது தவறான ஆளுக்குத் தண்டனை. தளமே தன் கிடங்கில் பொருளை வைத்துத் தன் வண்டியில் அனுப்புவதும் உண்டு. அப்படி வந்த பார்சலின் கட்டும் தாமதமும் தளத்தின் பொறுப்பு.

இனி, சொன்னதும் வந்ததும் ஒன்றா என்ற கேள்வி. ஸ்கேலை வைத்தேன், 12 அங்குலம் சரியாக இருந்தது. ஆனால் அது விளிம்பிலிருந்து விளிம்பு வரை. மாவு ஊற்றக்கூடிய சமதளம் பத்தரை அங்குலம்தான். பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது பொய் இல்லை, ஆனாலும் அடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

எடையில்தான் சிக்கல். சமையலறைத் தராசு 2.2 கிலோ காட்டியது. அரைக் கிலோ குறைவதை “கொஞ்சம் எடை கம்மி” என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த அரைக் கிலோ எங்கே போனது என்று பார்க்க ஒரு கணக்கு போதும். 12 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 730 சதுர சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 7.2 கிராம். அப்படியென்றால் இந்த அகலக் கல்லில் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 5 மி.மீ. கல் காதுகளோடு 2.7 கிலோ வர வேண்டும். 2.2 கிலோ என்றால் தடிமன் 4 மி.மீ. சுற்றுவட்டாரம்தான். ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். தடிமன் கூடிய கல்லில் சேர்ந்திருக்கும் சூடு அதிகம். குளிர்ந்த மாவு விழும்போது மெல்லிய கல்லின் சூடு சட்டென்று இறங்கும், இரண்டாவது மூன்றாவது தோசைக்கு அடுப்பைக் கூட்டிக்கூட்டி வைக்க வேண்டியிருக்கும். கூடுதல் விலை கொடுத்தது அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான்.

பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் படித்துவிட வேண்டும். தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். என் பெட்டியில் முகவரிச் சீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

நான் எழுதிய ரிவ்யூ இது. மூன்று ஸ்டார்.

“12 அங்குலக் கல். விளிம்பு உட்பட 12, சமதளம் பத்தரை. பக்கத்தில் 2.7 கிலோ, 5 மி.மீ. என்று உள்ளது, வந்தது 2.2 கிலோ, தராசுப் படம் இணைத்துள்ளேன். மூன்றடுக்குப் பெட்டி, காதுகளுக்குப் பாதுகாப்பு இல்லை, ஒரு பக்கம் கிழிந்து வந்தது. கல் உடையவில்லை, விரிசல் இல்லை. சீட்டு செவ்வாய், கூரியரிடம் ஒப்படைத்தது சனி. ஓரத்தில் லேசான துரு, தேய்த்ததும் போய்விட்டது. தயாரிப்பாளர் விவரம் பெட்டியில் இல்லை.”

கல் பழகியதா, தோசை ஒட்டியதா என்று இதில் எழுதவில்லை. பழக்கிய கல் என்று வருவதையும் வீட்டில் இரண்டு மூன்று முறை எண்ணெய் விட்டுக் காய்ச்சினால்தான் படியும். அது பொருளுக்கான ரிவ்யூவில் சொல்ல வேண்டியது.

இரண்டு நாளில் விற்பனையாளர் தரப்பிலிருந்து போன் வந்தது. “அக்கா, முந்நூறு ரூபாய் போட்டு விடுறோம், அஞ்சு ஸ்டாரா மாத்திடுங்க.” பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். எடை குறைந்ததற்கு ஈடு கொடுப்பது அவர் கடமை, அதற்கும் ஸ்டாருக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, தளத்தில் ரிட்டர்ன் கேட்டேன். காரணம் ‘விவரத்தோடு பொருந்தவில்லை’. இதே பேரம் சில பார்சல்களுக்குள் சிறு அட்டையாகவும் வருகிறது: ஐந்து ஸ்டார் போட்டுப் படம் அனுப்பினால் பணம் என்று. அப்படி அட்டை வந்தால் அதையும் படமெடுத்துத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விற்பனையாளரின் ஐந்து ஸ்டார்களில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை என்ற கேள்வி அங்கே எழுகிறது.

ரிட்டர்ன் கேட்கச் சட்டம் துணை நிற்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய தன்மைகளோடு பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருளுக்கும் இது பொருந்தும். இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் ஏற்பட்ட தாமதம் மட்டும் விலக்கு. விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியாக வேண்டும். புகார் போனால் 48 மணி நேரத்துக்குள் தளத்தின் குறைதீர் அதிகாரி அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அப்படியும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள், முழுப் பணமும் வந்தது. ரிவ்யூவை நீக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: “ரிட்டர்ன் கேட்ட மூன்றாம் நாள் பொருளை எடுத்தார்கள், பணம் வந்துவிட்டது. ஸ்டாரை மாற்றச் சொல்லிப் பணம் தருவதாகப் பேசினார்கள்.” ஸ்டார் மூன்றாகவே இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் எடை இன்னும் 2.7 கிலோ என்றுதான் போட்டிருக்கிறது.