திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா?

ஆவணி பிறந்துவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துச் சிப்ஸ் கடைகளில் எண்ணெய்ச் சட்டிக்கு ஓய்வில்லை. திருவோணத்துக்கு ஏத்தங்காய் உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் கேட்டு உள்ளூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். யாருக்கு, எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு, முன்பணம் எவ்வளவு என்பதை ஒரு காலத்தில் நீள நோட்டில் எழுதினார்கள். இப்போது பல கடைகளில் அது பில் போடும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஓணத்துக்கு நான்கு நாள் முன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டால், முன்பணம் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்பதே தெரியாமல் போய்விடும்.

"பேக்கப் எடுத்தாச்சா தம்பி?" என்று முதலாளி கேட்பார். "தினமும் எடுக்கேன் அண்ணாச்சி" என்று பையன் சொல்வான். அவன் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டு, ஆர்டர்கள் எல்லாம் வருகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆபத்து இருப்பது அங்கேதான்.

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில், 2017 ஜனவரி 31 அன்று இரவு ஒரு பொறியாளர் தவறான சர்வரில் நின்றுகொண்டு தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. தினமும் பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடத்தைத் திறந்து பார்த்தால் அது காலி. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பேக்கப் எடுத்த கருவியோ 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். இதையெல்லாம் அந்த நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. ஒரே ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருந்தாலும் அந்த வெற்றுப் பேக்கப் முன்கூட்டியே அகப்பட்டிருக்கும்.

நம் ஊர்க் கடைக்கு வருவோம். உள்ளூரில் ஒருவர் எழுதிக்கொடுத்த பில் மென்பொருள் பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் அல்லது அதன் உடன்பிறப்பான மரியாடிபி மேல் ஓடும். அதை நிறுவுவதற்கு XAMPP என்ற தொகுப்பைப் பயன்படுத்தியிருப்பார்கள். இங்கே நடக்கும் முதல் தவறு, அதிலுள்ள data கோப்புறைக்குள் போய்க் கடையின் பெயரிலுள்ள பெட்டியை மட்டும் பென்டிரைவில் நகலெடுப்பது. தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலில் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும். போதாக்குறைக்கு, அட்டவணைகளைப் பற்றிய குறிப்பு வெளியே ibdata1 என்ற கோப்பில் இருக்கிறது. அது இல்லாமல் புதிய கம்ப்யூட்டரில் போட்டால் அட்டவணைகளின் பெயர் வரிசையாகத் தெரியும். திறந்தால் doesn't exist in engine என்ற செய்திதான் வரும். மாதக்கணக்கில் எடுத்த நகல்கள் அத்தனையும் அப்படித்தான் இருக்கும்.

சரியான வழி, ஓடும் தரவுத்தளத்திடமே கேட்டு, ஒரு குறிப்பிட்ட கணத்தின் முழு நிலையையும் எழுதி வாங்குவது. கடையின் தரவுத்தளத்துக்கு kadai என்று பெயர் என வைத்துக்கொள்வோம்.

```
mysqldump -u root -p --single-transaction --routines --default-character-set=utf8mb4 --result-file=D:\kaappu\kadai-0824.sql kadai
```

இதில் `--single-transaction` இருப்பதால் பில் போடுவது நிற்காமலேயே ஒரே கணத்தின் நிலை பதிவாகும். அட்டவணைகள் இன்னோடிபி வகையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. `--result-file` ஏன் என்று கேட்கலாம். விண்டோஸ் பவர்ஷெல்லில் வழக்கமான `>` குறியைப் போட்டு எழுதினால் கோப்பு யுடிஎஃப்-16 முறையில் போய்விடும். அதைத் தரவுத்தளத்தால் திரும்பப் படிக்க முடியாது. கோப்பு இருக்கும், அளவும் பெரிதாக இருக்கும், தேதியும் சரியாக இருக்கும். ஆனால் உதவாது.

முழுதாக எழுதி முடித்த கோப்பின் கடைசி வரி `-- Dump completed on` என்று தொடங்கும். அந்த வரி இல்லையென்றால் நடுவில் அறுந்துவிட்டது என்று பொருள். இன்னொன்று, கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இரவு 11 மணிக்கு ஓட வேண்டும் என்று வேலையைக் குறித்துவைத்தால் அது என்றைக்கும் ஓடாது. கடை அடைப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் குறித்துவைப்பதே நல்லது.

இனி சோதனை. இதற்குக் கடைக் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப் போதும். அதே பதிப்பு மென்பொருளை அதில் நிறுவிக்கொள்ள வேண்டும். கடைக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாமே என்று இறங்கியவர்கள், பேக்கப் கோப்புக்குள்ளேயே எந்தத் தரவுத்தளத்தில் எழுத வேண்டும் என்ற கட்டளை இருந்ததைக் கவனிக்காமல், இன்றைய ஆர்டர்கள் மேல் நேற்றைய ஆர்டர்களை எழுதிவிடக்கூடும். `--databases` என்று சேர்த்து எடுத்த கோப்பில் அந்தக் கட்டளை இருக்கும்.

லேப்டாப்பின் கட்டளைச் சாளரத்தில் (பவர்ஷெல்லில் அல்ல) இப்படி:

```
mysql -u root -p -e "CREATE DATABASE sothanai CHARACTER SET utf8mb4"
mysql -u root -p --default-character-set=utf8mb4 sothanai < kadai-0824.sql
```

தொடங்கும்போது மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு கடையின் சில ஆண்டு ஆர்டர்கள் ஏறுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். மென்பொருளை நிறுவுவதற்கும், கடவுச்சொல்லைத் தேடுவதற்கும், பழைய நிறுவல் கோப்பு எங்கே என்று எழுதிக்கொடுத்தவருக்குப் போன் போடுவதற்கும்தான் அரை நாள் போகும். கடை எத்தனை மணி நேரம் முடங்கும் என்பதற்கு அந்த அரை நாளும் சேர்ந்த கணக்குதான் உண்மையான விடை. நிறுவல் கோப்பையும் கடவுச்சொல் எழுதிய தாளையும் பேக்கப்போடு சேர்த்துப் பாதுகாப்பாக வைத்தால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கும்.

ஏறியபின் கடைக் கம்ப்யூட்டரிலும் லேப்டாப்பிலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்:

```
SELECT MAX(bill_no), COUNT(*), SUM(amount)
FROM orders WHERE bill_date < '2025-08-24';
```

முந்தைய நாள் வரைக்கும் என்று கேட்பதற்குக் காரணம், பேக்கப்புக்குப் பிறகும் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசி பில் எண், எண்ணிக்கை, மொத்தத் தொகை மூன்றும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் காரணம் தெரியாமல் எழுந்திருக்கக் கூடாது. அடுத்து, தமிழில் பதிந்த பெயர் ஒன்றைத் திறந்து பாருங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் à® என்று தொடங்கும் குப்பை எழுத்துகளோ கேள்விக்குறிகளோ வந்தால் எழுத்துமுறை எங்கோ பிசகியிருக்கிறது. தொகைகள் எல்லாம் சரியாக இருந்து, முகவரிகள் மட்டும் படிக்க முடியாமல் போனால் சிப்ஸ் பொட்டலத்தை எங்கே அனுப்புவது? கடைசியாக, பில் மென்பொருளையே இந்த sothanai தரவுத்தளத்தோடு இணைத்து, பழைய பில் ஒன்றை எடுத்து, கையிலுள்ள காகித நகலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அதுவும் ஒத்துவந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று சொல்லலாம்.

இவ்வளவு செய்தாலும் ஒரு இடைவெளி மிஞ்சும். நேற்றிரவு பேக்கப் எடுத்து, இன்று மாலை 4 மணிக்கு டிஸ்க் போனால் இன்றைய ஆர்டர்கள் போய்விடும். சாதாரண நாளில் பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பப் பதிந்துவிடலாம். ஓணத்தை ஒட்டிய பத்து நாள்களில் முடியாது. யுபிஐ கணக்கில் பணம் வந்தது தெரியும். எத்தனை கிலோ என்று தெரியாது. அந்தப் பத்து நாள்களுக்கு மட்டுமாவது மணிக்கு ஒருமுறை பேக்கப் எடுப்பது தேவை. சில நொடி வேலை அது.

பலர் யோசிக்காத சிக்கல் ஒன்றும் இங்கே உண்டு. நேற்றைய பேக்கப்பில் கடைசி பில் 4,318 என்று வைத்துக்கொள்வோம். இன்று 4,360 வரை பில் கொடுத்தபின் கம்ப்யூட்டர் போய்விட்டது. திரும்பப் போட்டவுடன் மென்பொருள் அடுத்த வாடிக்கையாளருக்கு 4,319 என்று பில் போடும். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் கையில் பில் இருக்கிறது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டில் பில் எண் இரட்டிக்கக் கூடாது. எனவே எண்ணை முதலில் முன்னால் தள்ளிவிட்டுத்தான் விற்பனையைத் தொடங்க வேண்டும்:

```
ALTER TABLE orders AUTO_INCREMENT = 4361;
```

(மென்பொருள் எண்ணைத் தனி அட்டவணையில் வைத்திருந்தால் அங்கே மாற்ற வேண்டும், எழுதியவரிடம் இன்றே கேட்டு வையுங்கள்.) விடுபட்ட 42 பில்களையும் பிறகு அவற்றின் பழைய எண்ணிலேயே பதியலாம்.

எங்கே வைப்பது? பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். அதை நம் மாவட்டத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்ற வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. போன் தொடர்பும் அறுந்தது. அப்படிப்பட்ட நாளில் இணையத்தில் ஏற்றிவைத்த பிரதி பத்திரமாக இருக்கும், ஆனால் கைக்கு வராது. 2021 நவம்பர் வெள்ளம்போல ஒன்று வந்தால் கடைக்குள் இருக்கும் பிரதி கம்ப்யூட்டரோடு சேர்ந்து நனையும். ஆகவே இணையத்தில் ஒரு பிரதியும், மேட்டுப்பகுதியில் இருக்கும் வீட்டில் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதியும் வேண்டும். அந்த டிஸ்க்கை நகலெடுத்தவுடன் கழற்றிவிடுவது முக்கியம். 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வான்னகிரை போன்ற பூட்டுவைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

பழைய பிரதிகளை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிவிடவும் கூடாது. யாரோ கைதவறி அழித்த ஆர்டர் பத்து நாள் கழித்துத் தெரியவரும்போது, நேற்றைய பிரதியிலும் அது இருக்காது. கடைசி இரண்டு வாரத் தினப் பிரதிகளும், ஒவ்வொரு மாதக் கடைசிப் பிரதியும் இருந்தால் தேடி எடுக்கலாம். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், நிதியாண்டு முடியும் நாளின் பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓண ஆர்டர் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். மென்பொருள் எழுதிக்கொடுத்தவரை வரச்சொல்லி, உங்கள் கண்முன்னே, கடையின் கம்ப்யூட்டரை அணைத்துவைத்துவிட்டு, வெறும் லேப்டாப்பில் உங்கள் பேக்கப்பைப் போட்டு ஒரு பில் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க முடியவில்லை என்றால் அவருக்கு அடுத்த பணம் கொடுப்பதற்கு முன் அதைச் சரிசெய்து வாங்குங்கள்.